அடையாற்றுக்கு எந்த வினைச்சொல்லைக் கொடுக்கலாம்?

நடைப்பயணம் நடத்தும் சிறு குழு ஒன்று அடையாற்றின் முகத்துவாரத்துக்காக ஐந்து நிமிட ஒலிப்பதிவு கேட்டிருந்தது. பட்டினப்பாக்கம் பக்கம் இறங்கி, உடைந்த பாலத்தைப் பார்த்தபடி மணலில் நடப்பவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்கு. குழுவில் இருக்கும் ஒரு தம்பி முதல் வரைவை எழுதிவிட்டார். செம்மைப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. அந்த வரைவு எப்படிப் பிரிக்கப்பட்டு, எப்படி மறுபடி கட்டப்பட்டது என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். ஆற்றையோ ஊரையோ ஆளாக்கி எழுதப் போகிறவர்களுக்கு இது உதவும்.

வரைவின் நடுப்பகுதி இது:

"வணக்கம்! நான்தான் உங்கள் அடையாறு அன்னை பேசுகிறேன். ஒரு காலத்தில் துள்ளிக் குதித்து ஓடிவந்த சின்னப் பெண் நான். இன்று என் மேனியெல்லாம் சாக்கடை. மூச்சுத் திணறுகிறேன். என் கண்ணீரைத் துடைப்பார் யாருமில்லை. கடலம்மாவைத் தேடி ஓடோடி வந்தால், அவளும் கதவைச் சாத்திவிடுகிறாள். 2015-இல் என் பொறுமை எல்லை மீறியது. பொங்கி எழுந்து பழிதீர்த்துக்கொண்டேன். ஆனாலும் உங்களை மன்னித்து, வந்தாரை வாழவைக்கும் இந்தச் சென்னையோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறேன்."

ஆற்றைப் பேச வைத்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம் இலக்கணம் அதற்கு என்றோ இடம் கொடுத்துவிட்டது. "கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும் அஃறிணை மருங்கினும் அறையப் படுமே" என்கிறது நன்னூல். கேட்பது போல, பேசுவது போல, நடப்பது போல, ஒன்றைச் செய்வது போல அஃறிணையையும் சொல்லலாம். நாலு முறை வருகிற அந்தப் 'போலவும்' மட்டும் கண்ணில் படட்டும். அழுவது போல, மன்னிப்பது போல என்று நூற்பா பட்டியல் போடவில்லை. நாலுமே வெளியிலிருந்து பார்க்கக்கூடிய செயல்கள். நூற்பா சொல்லும் எல்லை அதுவல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறவருக்குக் கைகொடுக்கிற ஒரு எல்லை அதற்குள் இருக்கிறது.

தம்பியும் நானும் முதலில் செய்தது வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து எழுதியதுதான். பெயர்ச்சொல், அடைமொழி எதையும் தொடவில்லை. ஒரு தாளின் இடப்பக்கம் துள்ளினேன், திணறுகிறேன், சாத்துகிறாள், பழிதீர்த்தேன், மன்னித்தேன் என்று வரிசையாக எழுதினோம். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே, 'இந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, அதைச் செய்வது யார்?' என்று எழுத வேண்டும். வலப்பக்கம் எழுத எதுவும் கிடைக்காவிட்டால் அந்த வினை வரைவிலிருந்து போகும். வேறு ஒருவர் பெயர் வந்தால் வினை அவரிடமே திரும்பும். ஆற்றின் பெயரே வந்தால் மட்டும் அது தங்கும்.

துள்ளிக் குதித்தது முதலிலேயே போய்விட்டது. அடையாறு மலையில் பிறந்த ஆறு இல்லை. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற உபரிநீர் சேர்ந்துதான் அது ஆறாகிறது. அங்கிருந்து கடல் வரை மொத்தம் 42 கிலோமீட்டர் சொச்சம், எல்லாம் ஏறக்குறையச் சமதரை. அது துள்ளுவதற்கு வழியில் ஒரு பாறைகூட இல்லை. "குழந்தைப் பருவம் வேணும்னு போட்டேன் அக்கா" என்றார் தம்பி. அப்படியானால் அதன் உண்மையான தொடக்கத்தையே எழுதலாமே என்றேன். ஏரிகள் நிரம்பினால்தான் இந்த ஆற்றில் தண்ணீர். நிரம்பாத வருடம் வெறும் தடம்தான். துள்ளலைவிட இது விநோதமான தொடக்கம். இன்னொரு சோதனையும் இங்கேயே கிடைத்தது: வரியில் 'அடையாறு' என்பதை எடுத்துவிட்டுத் தாமிரபரணியைப் போட்டுப் பார்ப்பது. வரி அப்போதும் இடிக்காமல் நின்றால், அதில் அடையாறு இல்லை என்று பொருள். 'துள்ளிக் குதித்து' எந்த ஆற்றுக்கும் பொருந்துகிறது. 'ஏரிகள் வழிந்தால் மட்டும் ஓடுகிற' என்பது பொருந்துவதில்லை.

மூச்சுத் திணறலில் அதிக நேரம் போனது. அந்த வரியைக் காப்பாற்றவே தம்பி விரும்பினார், நானும்தான். அதில் பொய் குறைவு. கோடையில் ஆற்றில் நீர்வரத்து இளைக்கும்போது கடல் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியே போகும் போக்குவரத்து நின்றுவிடும். உள்ளே தேங்கிய நீரில் ஊர்க்கழிவு சேர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தின்று செரிக்கிற நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, கடல்நீரில் தாராளமாக உள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்துதான். அதே சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு.

கரையோரம் ஒரு குச்சியால் குத்திப் பார்த்தோம். மேலே விரல் நுனி கனத்துக்கு ஒரு பழுப்புத் தோல். அதைக் கிழித்ததும் அடியில் மைக்கறுப்பு, வழவழவென்று. நாற்றம் நேரே மூக்கில் ஏறியது. குச்சியில் ஒட்டி வந்த கறுப்பை ஒரு கல்லின்மேல் தேய்த்து வைத்துவிட்டு வேறு இடம் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குள் கல்லில் தேய்த்தது ஓரத்திலிருந்து பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. காற்று பட்டதும் இரும்பு மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே, "அப்போ காத்துக்காக ஏங்குதுன்னு எழுதலாமா அக்கா?" என்றார்.

எழுதலாம் போலத்தான் தோன்றும். ஆனால் 'ஏங்குது' என்ற சொல் வந்ததும் சேறு மறைந்துபோய் ஏக்கம் மட்டுமே காதில் விழுகிறது. கேட்பவருக்குக் கறுப்பு பழுப்பாக மாறியதைச் சொல்லிவிட்டால் அது என்ன தேடுகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். நாம் முந்திக்கொண்டு சொன்னால் அவருக்கு வேலை இல்லாமல் போகிறது. மூச்சுத் திணறலையும் இப்படியே பிரித்தோம். அந்த நீரில் உண்மையாகவே திணறுகிறவர்கள் இருக்கிறார்கள்: மீன்கள். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கிற ஜிலேபிக் கெண்டை, நீர்மட்டத்துக்கு வந்து வாயை மட்டும் நீட்டி, மேல்படலத்தின் நீரை இழுத்து இழுத்து விடும். கரையிலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பில் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். வலப்பக்கத்தில் 'மீன்' என்று எழுதினோம். மூச்சு மீனுக்குப் போனது. ஆற்றிடமிருந்து ஒரு உணர்ச்சியை எடுத்துவிட்டோம். ஆனால் கேட்பவருக்கு அதைவிட அதிகமாக உறைக்கிற ஒன்று கிடைத்தது. அது கண்முன்னே நடக்கிறது.

கண்ணீர் வரிக்கு வலப்பக்கம் காலி. எடுத்துவிட்டோம்.

கடலம்மா கதவைச் சாத்துகிற வரி கொஞ்சம் சிக்கலானது. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, கரையோர மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் போக்கு மாறும். வருடக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அடையாற்று வாயில் நீரோட்டம் வலுவாக இருந்தால் அந்த மணலைத் தள்ளிவிடும். வலு குறைந்தால் மணல் ஒரு நாக்குப் போல வளர்ந்து வாயைக் கடந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் இயந்திரம் வைத்து வெட்டித் திறக்கிறார்கள். பெருவெள்ளம் வந்தால் ஆறே உடைத்துக்கொண்டு போகும். ஆக, 'சாத்துகிறாள்' என்பதற்கு வலப்பக்கம் அலை, மணல், வலுவிழந்த நீரோட்டம் என்று மூன்று பேர். வலுவிழந்ததற்குக் காரணம் ஆற்றுக்கு மேலே இருக்கிற நாம். கடலை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது சரியில்லை.

அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசினோம். அவர் பேச்சில் கடல் முழுக்க அம்மாதான். "அம்மா இந்த வருசம் மணலை ரொம்ப ஏத்திட்டா" என்றார் சாதாரணமாக. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நாம் எடுத்ததைத்தானே இவர் சொல்கிறார் என்ற கேள்வி அதில் இருந்தது. நியாயமான கேள்வி. பெரியவர் சொன்னது பொய்யே இல்லை. அவர் அந்தக் கடலில் இறங்குகிறவர், கும்பிடுகிறவர், திட்டுகிறவர். 'அம்மா' என்பது அவருக்கும் கடலுக்கும் இருக்கிற உறவின் பெயர். நம் ஒலிப்பதிவின் குரலுக்கு அந்த உறவு கிடையாது. அவர் சொல்லை எடுத்து நம் வாயில் போட்டுக்கொண்டால் அங்கேதான் போலி தொடங்குகிறது. அவர் சொன்னதாகவே வைத்தால் உண்மையாக நிற்கும். எனவே, 'கரையில் வலை பிரிக்கிறவர்கள், அம்மா மணல் ஏத்திட்டா என்பார்கள்' என்று ஒரு வரி சேர்ந்தது. ஆடிப்பெருக்குக்குப் படையல் வைக்கிற பெண் காவிரியைத் தாயே என்று அழைப்பதும் இதே கணக்கில்தான் வரும். அழைக்கிற ஆள் யார் என்று தெரியும்போது ஆளாக்கம் இடிப்பதில்லை.

இனி 2015. இந்த வேலையில் எனக்கு மனசு கொதித்த இடம் இதுதான்.

'பொங்கி எழுந்து பழிதீர்த்துக்கொண்டேன்' என்பது கேட்க வீரமாக இருக்கிறது. டிசம்பர் 1 அன்று என்ன நடந்தது என்று வலப்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம். ஏற்கெனவே நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் நிறைந்திருந்தன. அன்று மறுபடி பேய்மழை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் மதகுகளிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் வரிசையாக மூழ்கியது. ஆற்றின் குறுக்கே ஓடுபாதை நீண்டிருக்கிற விமான நிலையம் மூடப்பட்டது.

இத்தனையையும் எழுதிவிட்டு இடப்பக்கம் பார்த்தால் 'பழிதீர்த்தேன்' என்று இருக்கிறது. மதகைத் திறந்தவர்கள், எப்போது திறப்பது என்று முடிவெடுத்தவர்கள், ஆற்றின் தளத்தில் கட்ட அனுமதி கொடுத்தவர்கள், கட்டியவர்கள் எல்லோரும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் காணாமல் போய்விட்டார்கள். ஆறு கோபப்பட்டது என்று எழுதினால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழிவாங்கப்பட்டவர்கள் என்று பார்த்தால் முதலில் வருகிறவர்கள் கரையோரக் குடிசையில் தூங்கியவர்கள். அவர்கள் ஆற்றுக்கு என்ன செய்தார்கள்?

தம்பி இதைப் புரிந்துகொண்டு மாற்றி எழுதி வந்தார்: "ஆறு தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது." வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் அடிக்கடி காதில் விழுந்த வாக்கியம், ஞானம் போலத் தெரியும். எனக்கு இதுவும் ஒப்பவில்லை. நீர் பட்டாவைப் பார்த்து ஏறுவதில்லை. மட்டத்தைப் பார்த்து ஏறுகிறது. தாழ்ந்த இடம் எதுவோ அங்கே நிற்கும், அது ஆற்றின் பழைய இடமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதோடு, இந்த வாக்கியத்தில் ஆறு நீதிபதியாகிவிடுகிறது. தீர்ப்பின் பின்பாதி என்ன ஆனது? கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். கரையிலுள்ள பெரிய கட்டடங்கள் பல நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆறு எடுத்துக்கொண்டது என்று நாம் எழுதும் இடத்தை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாமலே போகும்.

இந்த இடத்தில் தமிழின் வினைமுற்று நமக்குப் பெரிய துணை. யார் செய்தது என்பதை விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். 'திறந்தார்கள்' என்றால் ஆட்கள். 'ஏறியது' என்றால் நீர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் போதும், பொறுப்பு எங்கே இருக்கிறது என்று காதே பிரித்துக்கொள்ளும். 'திறக்கப்பட்டது' என்று எழுதினால் அதே வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம். வரைவில் அப்படி வந்த இடங்களையெல்லாம் 'ஆர்கள்' விகுதிக்கு மாற்றினோம். ஆற்றுக்கு 'அது' விகுதியையே கடைசிவரை விட்டுவைப்பது என்றும் முடிவு செய்தோம். வினை மனிதர் செய்வதாக இருக்கலாம், விகுதி அஃறிணையாகவே இருக்கட்டும். 'நடந்தாள்' என்று எழுதியவுடன் ஒரு பெண் உருவம் வந்து நின்றுகொண்டு ஆற்றை மறைக்கிறது. 'நடந்தது' என்றால் நடப்பதும் தெரிகிறது, ஆறும் தெரிகிறது.

மன்னிப்பு வரியை எடுத்தோம். யாருக்கு யார் மன்னிப்புத் தருவது என்ற கேள்விக்கு வலப்பக்கம் எழுத எங்களிடம் ஒன்றுமில்லை. 'வந்தாரை வாழவைக்கும் சென்னை'யும் அதோடு போனது. அதுவும் ஆளாக்கம்தான், ஊரை ஆளாக்குவது. வாழவைப்பது யார் என்று கேட்டால் வாடகைக்கு வீடு கொடுத்தவர், வேலைக்குச் சேர்த்துவிட்ட ஊர்க்காரர், நாள்கூலிக்குக் கூட்டிப்போன மேஸ்திரி என்று ஆட்கள்தான் வருகிறார்கள். வாழவிடாமல் செய்தவர்களும் ஆட்கள்தான். ஊர் என்ற ஒரே முகத்தை மாட்டினால் இரு தரப்பும் அதன் பின்னால் மறைந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "இப்போ இது பொதுப்பணித் துறை அறிக்கை மாதிரி ஆயிடுச்சு அக்கா" என்றார். உண்மைதான். வறண்டிருந்தது. உணர்ச்சியே வேண்டாம் என்பது என் எண்ணமில்லை. அது எந்த இடத்தில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் அவரைப் பள்ளிக்கூடத்தில் தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாகப் படித்த இடத்துக்கே கூட்டிப்போனேன். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையப்போகிறார்கள். மதில்மேல் கொடிகள், "வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட" என்கிறார் இளங்கோ. காற்றில் கொடி அசைகிறது. அசைவு நிஜம். 'வராதே' என்பது அதன்மேல் ஏற்றப்பட்டது, அதுவும் 'என்பனபோல்' என்ற கைப்பிடியோடு. கொடி வருந்தியது என்று அவர் எழுதவில்லை.

அதற்குச் சற்று முன்னால் வையை வருகிறது. அங்கே இளங்கோ என் விதியை மீறவே செய்கிறார். வையையைப் பெண்ணாக்கி, கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவளாக்கி, "கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி" என்று கண்ணீரையும் கொடுக்கிறார். நம் வரைவிலும் கண்ணீர் இருந்தது. அது ஏன் நிற்கவில்லை, இது ஏன் நிற்கிறது? நான் பார்த்தவரை இரண்டு காரணம். கரைமரங்களின் பூ உதிர்ந்து நீர் முழுவதும் மூடிக்கிடப்பதை முதலில் காட்டிவிடுகிறார். பூப்போர்வை, அடியில் நீர்; மறைத்த கண்ணீருக்கு வேண்டிய உடல் ஏற்கெனவே தயார். இரண்டாவது, அந்த இருவருக்கும் அது தெரியவில்லை. இது புனலாறு இல்லை, பூம்புனல் ஆறு என்று வியந்துவிட்டு மரப்புணையில் ஏறி அக்கரை போகிறார்கள். வரப்போவது என்ன என்று தெரிந்தவர் கேட்பவர் ஒருவர்தான். ஆற்றின் கண்ணீர் உண்மையில் அவருடையது.

ஆகவே நாங்கள் எடுத்துக்கொண்டது இதுதான்: கேட்பவருக்கு முதலில் விஷயம் தெரிந்துவிட வேண்டும். அதன் பிறகு ஆற்றுக்கு ஒரே ஒரு மனித வினையைக் கொடுக்கலாம், அதுவும் ஆறு உண்மையாகச் செய்கிற அசைவுக்கு மேல். எங்கே அந்த அசைவு என்று தேடினோம்.

முகத்துவாரம் திறந்திருக்கிற காலத்தில் அது ஒவ்வொரு நாளும் இருமுறை நடக்கிறது. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே தள்ள, ஆறு பின்னோக்கிப் போகிறது. மிதந்து வந்த ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது தயங்கி, நின்று, வந்த வழியே மேற்கே நகர்வதைக் கரையிலிருந்து பார்க்கலாம். வற்றத்தில் மறுபடி இறங்கும். தம்பி இதற்கு, 'சொல்ல மறந்ததைச் சொல்லத் திரும்பும் தோழியைப் போல' என்று எழுதினார். அழகான வரி, ஆனால் குழைவு. அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். 'தோழியை' என்ற இடத்தில் அவர் குரல் தானாகச் சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லும் குரலாக மாறியது. அதை நம்பலாம். படிக்கிறவரிடம் எந்த அறிவுறுத்தலும் சொல்லாமல் கொடுத்து, எந்த இடத்தில் குரல் குழைகிறதோ அந்தச் சொல்லை அடிக்கோடிட்டால், பெரும்பாலும் செல்லம் கொஞ்சுகிற இடம் அதுதான். அதேபோல, குரல் கனத்து மேடைப்பேச்சாகும் இடம் போலி உணர்ச்சியின் இடம். வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தோம். குரல் மாறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

தோழி போன பிறகு மிஞ்சியது 'ஆறு திரும்பிப் போகிறது.' அதில் எதுவும் குறையவில்லை, ஆனால் எதுவும் கூடவுமில்லை. வீட்டில் நாம் அன்றாடம் சொல்லும் ஒரு வழக்கு இருக்கிறது: ஆஸ்பத்திரியில் இருக்கிறவரை, பழைய வீட்டை, ஊரில் இருக்கிற அம்மாவை 'ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வர்றேன்' என்போம். அந்தப் பேச்சில் பாசம் என்ற சொல் கிடையாது. போவதும் பார்ப்பதும் வருவதும் மட்டும்தான். ஆறும் போகிறது, வருகிறது. அதை எடுத்துக்கொண்டோம். கடைசியில் நின்ற பகுதி இது:

"நீங்கள் நிற்கும் மணல் தெற்கிலிருந்து வந்தது. ஆற்றில் நீர் குறைந்தால் இந்த மணல் வாயை அடைத்துவிடும். அம்மா மணல் ஏத்திட்டா என்பார்கள் இங்கே வலை பிரிக்கிறவர்கள். அடைத்த நாட்களில் உள்ளே ஜிலேபிக் கெண்டைகள் மேலே வந்து வாயை நீட்டி மூச்சு வாங்கும். நீர்ப்பரப்பில் தெரியும் வட்டங்கள் அவைதான்.

இது ஏரிகள் வழிந்தால் ஓடுகிற ஆறு. 2015 டிசம்பர் 1 அன்று ஏரிகள் வழிந்தன. செம்பரம்பாக்கத்தில் மதகுகளைத் திறந்தார்கள். நீர் சைதாப்பேட்டையில் ஏறியது, கோட்டூர்புரத்தில் ஏறியது. கரையில் வீடுகள் இருந்தன. இருந்தவர்களில் பலரைப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள்.

வாய் திறந்திருக்கும்போது தினமும் இரண்டு முறை கடல் ஏறும். அப்போது ஆறு மேற்கே திரும்பி நடக்கிறது. கோட்டூர்புரம் பக்கம், அந்த வீடுகள் இருந்த கரை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது."

தம்பி 'வருகிறாள்' என்று ஒருமுறை படித்துப் பார்த்தார். உடனே கடைசி வரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. 'வருகிறது' என்றதும் நீரின் வேலையாக மட்டும் நின்றது, பார்ப்பது யார் என்ற கேள்வி கேட்பவரிடம் போனது. 'பார்ப்பதுபோல்' என்று 'போல்' சேர்க்கலாமா என்றும் பேசினோம். இளங்கோவிடம் அது கைப்பிடி. இங்கே அஃறிணை விகுதியே அந்த வேலையைச் செய்துவிடுவதால் சேர்க்கவில்லை. இதில் வேறு கருத்து இருக்கிறவர்கள் இருக்கலாம். எழுத்தில் வருவதாக இருந்தால் நானே சேர்த்திருப்பேன். காதில் கேட்கும்போது கூடுதல் அசை அந்த இடத்தில் கால் தடுக்குகிறது.

அந்த வரியை வரைவின் தலையில் வைத்துப் பார்க்கவும் செய்தோம். அதே சொற்கள், அங்கே வெறும் செல்லம். கோட்டூர்புரத்தில் என்ன நடந்தது என்று அதுவரை கேட்பவருக்குச் சொல்லவில்லையே. இடம் மாறினால் ஒரே வரி போலியாகிவிடுகிறது. சொல்லை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

அடுத்து நேப்பியர் பாலத்தடியில் கூவத்துக்கு ஒன்று எழுதக் கேட்டிருக்கிறார்கள். அடையாற்றின் தாளை அப்படியே எடுத்துப்போக முடியாது. கூவத்தின் வாய்க்குச் சற்று வடக்கே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் நிற்கிறது. வடக்கே போகிற மணல் அதில் முட்டித் தெற்கே சேர்ந்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது. கூவத்தின் வாய் தூர்வதற்கும் அந்த மணல் ஒரு காரணம். சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரிக்கிறது. ஆகவே அங்கே 'சேர்க்கிறது', 'அரிக்கிறது' என்ற இரண்டு வினைகளுக்கும் வலப்பக்கத்தில் சுவர் கட்டியவர்கள் வருவார்கள். தம்பி தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் இன்னும் ஒரு வினையும் எழுதவில்லை, முதலில் ஏற்றவற்ற நேரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்கிறார்.